"பார்க்கிறேன்" என்று சொல்லாதீர்கள்: சக ஊழியர் கேட்கும் உதவியை மனம் நோகாமல் மறுக்கும் முறை

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு புதன்கிழமை மதியம் பக்கத்து மேசை அக்கா என்னிடம் வந்து கேட்டார். "இந்த மாசப் புகார் ஷீட்டைக் கொஞ்சம் வகை பிரிச்சுத் தர முடியுமா? வெள்ளிக்கிழமை காலைல மேனேஜருக்குப் போகணும்." என் கையில் ஏற்கெனவே வேலை நிரம்பிக் கிடந்தது. என்னால் முடியாது என்று அவர் கேட்ட நொடியிலேயே எனக்குத் தெரியும். ஆனால் வாயில் வந்தது "பார்க்கிறேன் அக்கா". அவர் "ரொம்ப தேங்க்ஸ்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வியாழன் மாலை ஏழு மணிக்கு "முடிஞ்சதா?" என்று வந்து நின்றார். நான் ஃபைலைத் திறக்கக்கூட இல்லை. அவர் திட்டவில்லை. தன் இடத்துக்குப் போய், வீட்டுக்குப் போன் போட்டு, வர லேட்டாகும் என்று சொல்லிவிட்டு, முதல் வரியிலிருந்து வேலையை ஆரம்பித்தார். அதற்கப்புறம் பல வாரங்கள் எங்களுக்குள் "குட் மார்னிங்" தாண்டிப் பேச்சே இல்லை.

இதில் எனக்குப் பின்னால்தான் ஒன்று உறைத்தது. நான் மறுத்ததற்காக அவர் வருத்தப்படவில்லை. நான்தான் மறுக்கவே இல்லையே. புதன்கிழமையே "முடியாது" என்று சொல்லியிருந்தால், வேறு ஒருவரைக் கேட்க அவருக்கு ஒன்றரை நாள் இருந்திருக்கும். என் "பார்க்கிறேன்" அந்த ஒன்றரை நாளைத் தின்றுவிட்டது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அடிக்கடி வரும் ஒரு நிலைமையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்குச் சமமான, அல்லது ஓரிரு வருடம் மூத்த சக ஊழியர் ஒருவர் தன் வேலையின் ஒரு பகுதியைச் செய்து தரச் சொல்லிக் கேட்கிறார். உங்களால் முடியாது. ஆனால் அவரோடு நல்லபடியாக இருக்க வேண்டும். இதை எப்படிச் சொல்வது?

மறுப்பு எந்தச் சொல்லில் இருக்கிறது

நம் பேச்சில் மறுப்புக்குப் பதிலாக வந்து உட்காரும் சொற்கள் நிறைய. "பார்க்கலாம்", "ட்ரை பண்றேன்", "கொஞ்சம் கஷ்டம்தான்", "டைம் கிடைச்சா சொல்றேன்". சொல்பவர் மனதில் இவை எல்லாம் "முடியாது". கேட்பவர் காதில் பாதிச் சம்மதம். "கொஞ்சம் கஷ்டம்தான்" என்று கேட்டவர், கஷ்டம் கொஞ்சம்தானே, இன்னொரு முறை கேட்டால் செய்துவிடுவார் என்றுதான் எடுத்துக்கொள்வார். அவர்மேல் தப்பில்லை. சொற்களுக்கு உள்ள பொருளைத்தான் அவர் எடுத்துக்கொள்கிறார்.

இப்படிப் பேச வைப்பது முகதாட்சண்யம். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு "இல்லை" என்று சொல்ல நாக்கு எழுவதில்லை. மரியாதைப் பேச்சை ஆராய்ந்த பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற மொழியியலாளர்களும் இந்த முகத்தைத்தான் மையமாக எடுத்துக்கொண்டார்கள். 1978-ல் வெளிவந்து 1987-ல் தனிப் புத்தகமான அவர்களுடைய ஆய்வு முக்கியமாக மூன்று மொழிகளின் பேச்சை வைத்து எழுதப்பட்டது. அதில் ஒன்று தமிழ். அவர்கள் சொல்வதைச் சுருக்கினால், எல்லோருக்கும் இரண்டு ஆசைகள் உண்டு. தன்னை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது ஒன்று, தன்னை மற்றவர்கள் விரும்பி ஏற்க வேண்டும் என்பது இன்னொன்று. ஒருவர் உதவி கேட்கும்போது நம்முடைய முதல் ஆசை இடிபடுகிறது. நாம் மறுக்கும்போது அவருடைய இரண்டாவது ஆசை இடிபடுகிறது.

மறுப்பு சுடுவது ஏன் என்பது இதிலிருந்து தெரிகிறது. வேலையை மறுக்கிறோம், ஆனால் தன்னையே மறுப்பதாக அவருக்குப் படுகிறது. ஆகவே "முடியாது" என்ற வினைச்சொல்லை இளக்கி மென்மையாக்கப் பார்க்காதீர்கள். வினைச்சொல் முழுசாக இருக்கட்டும். அன்பை அதற்கு முன்னும் பின்னும் வரும் வாக்கியங்களில் வையுங்கள்.

எந்த வினைச்சொல் என்பதிலும் கவனம் வேண்டும். "மாட்டேன்" என்றால் மனமில்லை என்று பொருள். சக ஊழியரிடம் அது முகத்தில் அடித்தாற்போல் இருக்கும். வெறும் "முடியாது" என்றால் கதவைச் சாத்தியது போல. "என்னால முடியாது" என்றால் என் நிலைமையைச் சொல்வதாக மாறிவிடுகிறது. "இந்தத் தடவை இதை என்னால எடுத்துக்க முடியாதுக்கா" என்றால் எது, எப்போது, யார், யாரிடம் என்று எல்லாமே அந்த ஒரு வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறது. கடைசியில் வரும் அந்த "க்கா" சின்ன விஷயமாகத் தெரியலாம். மறுப்பு முடிகிற இடத்திலேயே உறவைச் சொல்லிக் கூப்பிடுவதால், குரலும் தானாகத் தணிந்துவிடும். அண்ணா, சார், மேடம், பெயரோடு "ங்க" என்று வழக்கமாக எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிடுங்கள். மறுக்கும்போது மட்டும் திடீரென்று "மேடம்" என்று மாற்றினால் அதுவே விலகல்.

முதல் படி: பதில் சொல்லும் முன் இரண்டு கேள்வி

அந்த அக்கா ஐந்து மாதம் கழித்து அதே ஷீட்டோடு மறுபடியும் வந்தார். மறுபடியும் புதன்கிழமை. "ரெண்டு மணி நேர வேலைதான்" என்றார். இந்த முறை நான் கேட்டது: "எத்தனை புகார் இருக்குக்கா? கடைசி நேரம் எப்போ?" நானூறு புகார், வெள்ளி காலை பத்து மணி என்றார்.

ஒரு புகாரைப் படித்து அது பில் சம்பந்தமானதா, டெலிவரி சம்பந்தமானதா என்று குறிக்க ஒரு நிமிடம் என்று வைத்தாலும் நானூறு நிமிடம். அதாவது 6 மணி 40 நிமிடம். அவர் பொய் சொல்லவில்லை. பல வருடமாகச் செய்கிறவருக்கு, படித்தவுடன் கை தானாகப் போகும் என்பதால் இரண்டு மணி நேரம் போதுமாக இருக்கலாம். எனக்குப் போதாது. கேட்பவர் சொல்லும் நேரம் அவர் கைப்பழக்கத்துக்கான கணக்கு. உங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. விவரம் கேட்கக் கேட்க, நீங்கள் ஒப்புக்கொண்டுவிட்டதாகவே எதிரில் இருப்பவர் நினைக்க ஆரம்பிப்பார். அதனால் கேள்விக்கு முன்னாலேயே "முடியுமான்னு தெரியல, கேட்டுக்கிறேன்" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். இரண்டு கேள்விக்கு மேல் வேண்டாம்.

அந்த இடத்திலேயே முடிவெடுக்க முடியவில்லை என்றால் அவகாசம் கேட்கலாம், ஆனால் மணியைச் சொல்லிக் கேளுங்கள். "மூணு மணிக்குள்ள சொல்லிடறேன்." இரண்டரைக்கே நீங்களாகப் போய்ச் சொல்லுங்கள். அவராக வந்து கேட்கும்படி விட்டால், பதில் என்னவாக இருந்தாலும் அது தள்ளிப்போட்டது போலத்தான் தெரியும். முடியாது என்று மனதுக்குள் தெரிந்துவிட்டபோது அவகாசம் கேட்காதீர்கள். அது பழைய "பார்க்கிறேன்"தான்.

இரண்டாம் படி: நான்கு வாக்கியம்

நான் அன்று சொன்னது இது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இவ்வளவையும் முடிக்கறது உங்களுக்கு நெருக்கடிதான், புரியுது. இந்தத் தடவை இதை என்னால எடுத்துக்க முடியாதுக்கா. நாளைக்கு முழுக்க எனக்கு டிரெய்னிங் போட்டிருக்காங்க. போன மாசம் நான் பண்ண வகைப் பட்டியல் உதாரணத்தோட இருக்கு, அதை இப்பவே அனுப்பட்டுமா?"

முதல் வாக்கியம் அவருடைய நிலைமையைச் சொல்கிறது. "உதவணும்னு ரொம்ப ஆசைதான், ஆனா" என்று இந்த இடத்தில் பலர் ஆரம்பிப்பார்கள். வேண்டாம். ஆசை இருக்கிறது என்றால் வழி கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் அவர் நினைப்பார். அவர் கேட்டதை நீங்கள் காது கொடுத்துக் கேட்டீர்கள் என்பது தெரிந்தால் போதும்.

இரண்டாவது வாக்கியம் மறுப்பு. நாலாவது வாக்கியத்துக்குத் தள்ளாதீர்கள். தள்ளத் தள்ள அவர் முகத்தில் நம்பிக்கை ஏறும், உங்களுக்கு இன்னும் சொல்ல முடியாமல் போகும். மன்னிப்புக் கேட்கத் தோன்றினால் இங்கே ஒரு தடவை "மன்னிச்சுக்கோங்க" சொல்லலாம். மூன்று தடவை சொன்னால், நெருக்கடியில் இருப்பவரே உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிடும். அவர் தலையில் இன்னொரு வேலையைக் கட்டியதாகத்தான் ஆகும்.

மூன்றாவது, காரணம். ஒன்றே ஒன்று, உண்மையானது. காரணங்களை அடுக்கினால் அவை ஒவ்வொன்றும் பேரத்துக்கு ஒரு பிடி. "எனக்கு அந்த ஃபார்முலா தெரியாதே" என்றால் "நான் சொல்லித் தரேன்" என்பார். "என் லேப்டாப் ஸ்லோ" என்றால் தன்னுடையதைத் தருவார். எல்லாக் காரணத்தையும் அவர் தீர்த்துவைத்த பிறகு மறுக்க உங்களிடம் எதுவும் மிஞ்சாது. அவரால் தீர்க்க முடியாத காரணத்தை மட்டும் சொல்லுங்கள். பொய்க் காரணம் அதே அலுவலகத்தில் சுற்றி வந்து உங்கள் மேசைக்கே வரும். வெளியில் சொல்ல விருப்பமில்லாத சொந்தக் காரணம் என்றால் "அன்னைக்கு எனக்கு வேற பொறுப்பு இருக்கு" என்றால் போதும்.

நாலாவது, நீங்கள் தரக்கூடியது. இது கட்டாயமில்லை. தருவதாக இருந்தால் ஏற்கெனவே செய்து முடித்ததாகவோ, பத்து நிமிடத்தில் முடிவதாகவோ இருக்கட்டும். "பாதி செஞ்சு தரேன்" என்பது ஆபத்தானது, ஏனென்றால் பாதி எங்கே முடிகிறது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபடும். இன்னொரு தவறும் இங்கே நடக்கும். "அவர்கிட்ட கேட்டுப் பாருங்க, ஃப்ரீயாதான் இருக்கார்" என்று வேறொருவரைக் கைகாட்டிவிடுவது. அவரைக் கேட்காமல் அவர் நேரத்தைக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

"அடுத்த தடவை கண்டிப்பா செய்றேன்" என்பதும் அப்படித்தான். வாயிலிருந்து சுலபமாக வந்துவிடும். கேட்டவர் அதை ஞாபகம் வைத்திருப்பார். உண்மையிலேயே செய்யப் போகிறீர்கள் என்றால் மட்டும், எந்த மாதம், எந்த வேலை என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: நிறுத்துங்கள்

நான்கு வாக்கியம் முடிந்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. அந்த அக்கா ஒன்றும் சொல்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாலைந்து நொடிதான் இருக்கும். அந்த மௌனத்தை நிரப்ப "சரி வேணும்னா ராத்திரி பார்க்கிறேன்" என்ற வாக்கியம் என் தொண்டை வரை வந்துவிட்டது. மறுத்தவர்கள் பலர் விட்டுக்கொடுப்பது இந்த இடத்தில்தான். யாரும் வற்புறுத்தியிருக்க மாட்டார்கள், மௌனம் மட்டுமே வற்புறுத்தியிருக்கும். அவர் யோசிக்கிறார், அடுத்து யாரைக் கேட்கலாம் என்று. யோசிக்க விடுங்கள்.

நான்காம் படி: மறுபடியும் கேட்டால்

அவர் கேட்டார். "ஒரு மணி நேரம் ஒதுக்கினாக்கூடப் போதும்ப்பா." நான் சொன்னது: "புரியுதுக்கா. ஒரு மணி நேரமும் என்னால முடியாது. அந்தப் பட்டியலை அனுப்பிடறேன்." அதே மறுப்பு, அதே உதவி, முன்னைவிடச் சின்னதாக. புதுக் காரணம் எதுவும் சேர்க்கவில்லை. புதுக் காரணம் சொன்னால் முதல் காரணம் போதவில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகும்.

சிலர் பழைய உதவியை எடுப்பார்கள். "உனக்கு நான் எவ்வளவு செஞ்சிருக்கேன்." இது குத்தும், குத்துவதற்கு நியாயமும் இருக்கும். அதை மழுப்பாதீர்கள், பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள். "ஆமாக்கா, சேர்ந்த முதல் வாரம் சிஸ்டம் முழுக்க நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க. அதை நான் மறக்கல. இந்த ஷீட்டை மட்டும் எடுக்க முடியாது." இந்த "மட்டும்" நிறைய வேலை செய்கிறது. மறுப்பு இந்த ஒரு ஷீட்டோடு நிற்கிறது, உறவு முழுவதையும் தொடவில்லை என்பதை அந்த ஒரு சொல் சொல்லிவிடும். அதே இடத்தில் "எதுவும் பண்ண முடியாது" என்று வந்துவிட்டால் கதையே வேறு.

சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்வது

அவருடைய கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். "சரி, நான் வேற பார்த்துக்கிறேன்" என்றால் போய்ச் சேர்ந்துவிட்டது. "சரி, முடிஞ்சா பாரு" என்றாலோ, "அப்ப நாளைக்குச் சொல்லு" என்றாலோ, அல்லது எனக்கு முதல் தடவை நடந்தது போல "தேங்க்ஸ்" என்றாலோ, போய்ச் சேரவில்லை. அவரை நகர விடாதீர்கள். அங்கேயே திருத்திவிடுங்கள். "முடிஞ்சா இல்லைக்கா, நான் செய்யலைன்னே வச்சுக்கோங்க. வேற யாரையாவது இன்னைக்கே கேட்டுடுங்க." கேட்க முரட்டுத்தனமாகத் தோன்றலாம். வியாழன் இரவு ஏழு மணிக்கு அந்த மேசையில் உட்கார்ந்தவரைப் பார்த்திருப்பதால் சொல்கிறேன், இதைவிட அக்கறையான வாக்கியம் அந்த நேரத்தில் வேறு இல்லை.

எழுத்தில் மறுப்பது

நேரில் கேட்டவருக்கு நேரில் பதில். நேரில் கேட்டதற்குச் சாட்டில் மறுத்தால் ஓடி ஒளிந்ததாகத் தெரியும். சாட்டில் கேட்டவருக்குச் சாட்டில் சொல்லலாம், ஆனால் ஒரே செய்தியாக. "ஹாய்க்கா" என்று அனுப்பிவிட்டு ஐந்து நிமிடம் கழித்து மீதியை அனுப்பினால், அந்த ஐந்து நிமிடமும் அவர் நல்ல பதிலுக்காகக் காத்திருப்பார். எழுத்தில் குரல் கிடையாது, அதனால் நேரில் சொல்வதைவிட ஒரு வாக்கியம் கூடுதலாக இருக்கலாம்:

"அக்கா, மெசேஜ் பார்த்தேன். வெள்ளிக்குள் நானூறும் முடிப்பது சிரமம்தான். இதை இந்த முறை என்னால் எடுத்துக்கொள்ள முடியாது, நாளை முழுக்க டிரெய்னிங். போன மாதப் பட்டியலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், முதல் ஐம்பது வரிக்காவது உதவும் என்று நினைக்கிறேன். வேறு யாரையாவது கேட்க நேரம் இருக்கட்டும் என்றுதான் உடனே சொல்கிறேன்."

மறுப்பு வாக்கியத்தின் பக்கத்தில் சிரிக்கும் முகம் போடாதீர்கள். விளையாட்டா, உண்மையா என்று அவரைக் குழப்பும்.

இந்த முறை செல்லாத இடங்கள்

மேலாளர் கொடுக்கும் வேலைக்கு இது பொருந்தாது. அவரிடம் "முடியாது" என்பதைவிட "இதை எடுத்தால் அது வெள்ளிக்கிழமைக்கு வராது, எது முதலில்?" என்று கேட்பதே சரி. முடிவு அவருடையது. தனக்குப் பதிலாக வருகையைப் பதிவு செய்யச் சொல்வது, செய்யாத வேலையைச் செய்ததாகக் குறிக்கச் சொல்வது போன்றவற்றுக்கு நான்கு வாக்கியமும் வேண்டாம், காரணமும் வேண்டாம். "அதை நான் செய்யறதில்லைங்க" என்றால் போதும். "இந்தத் தடவை" என்று சேர்த்தால் அடுத்த தடவை வருவார். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பதறிக்கொண்டு வருபவரிடம் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், முடிந்ததைச் செய்து கொடுத்து அனுப்புங்கள்.

ஒரே ஆள் மாதாமாதம் அதே வேலையோடு வந்தால், ஒவ்வொரு முறையும் தனித்தனியாக மறுப்பது இருவருக்கும் சலிப்பு. அவர் எதுவும் கேட்காத ஒரு நாளில் நீங்களே பேச்சை எடுங்கள். "அந்த ஷீட் மாசாமாசம் உங்களுக்குப் பாரமாயிடுதுக்கா, மேனேஜர்கிட்ட பேசி ஆள் மாத்திப் போடச் சொல்லலாமா?" கோரிக்கை கையில் இல்லாத நேரத்தில் இந்தப் பேச்சு மறுப்பாகத் தெரியாது.

மறுத்த மறுநாள்

உறவு ஆறிப்போவது பெரும்பாலும் மறுப்பினால் இல்லை, மறுத்தவர் குற்ற உணர்ச்சியில் ஒதுங்குவதால். நான் முதல் தடவை அதைத்தான் செய்தேன். அக்கா வரும் நேரம் பார்த்துத் தண்ணீர் பிடிக்கப் போனேன். நான் ஒதுங்கியதைப் பார்த்து அவரும் ஒதுங்கினார். அவர் பேசவில்லை என்று மேலே எழுதினேனே, அதில் பாதி என் பங்கு.

அதனால் அடுத்த நாள் எப்போதும் போல முகம் கொடுத்துப் பேசுங்கள், முதலில் நீங்களே ஆரம்பியுங்கள். வேலை முடியும் நாளில் ஒரு வார்த்தை விசாரியுங்கள். மறுபடி மன்னிப்புக் கேட்க வேண்டாம், மறந்துபோனதை அது கிளறிவிடும். பத்து நிமிடத்தில் செய்து தரக்கூடிய வேறு ஏதாவது கண்ணில் பட்டால் கேட்காமலேயே செய்து கொடுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நான் போய், "ஷீட் போயிடுச்சாக்கா?" என்றேன். பின்வரிசையில் இருந்த ஒருவரைப் பிடித்து இருவருமாக வியாழன் மாலைக்குள் முடித்துவிட்டார்களாம். "உன் பட்டியல்ல டெலிவரிக்கும் ரிட்டர்னுக்கும் நடுவுல ஒரு குழப்பம் இருக்கு, வா காட்டறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.